படிப்பு சம்பளத்தைக் கூட்டுவது திறமையாலா, சான்றிதழாலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அதிகம் படித்தவருக்கு அதிகச் சம்பளம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? இதில் சர்ச்சை எங்கே வருகிறது?

சம்பளம் கூடுகிறது என்பதில் சர்ச்சை இல்லை. ஏன் கூடுகிறது என்பதில்தான் பொருளாதார அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு தரப்பு, படிப்பு ஆளை மாற்றுகிறது என்கிறது. வகுப்பறையில் பெற்ற அறிவும் பழக்கமும் அவரை அதிகம் உற்பத்தி செய்யக்கூடியவராக ஆக்குகின்றன, அந்தக் கூடுதல் உற்பத்திக்குத்தான் முதலாளி கூடுதலாகக் கொடுக்கிறார். இதுதான் மனித மூலதனப் பார்வை. தியோடர் ஷுல்ட்ஸ், கேரி பெக்கர், ஜேக்கப் மின்சர் ஆகியோர் 1950களின் பிற்பகுதியிலிருந்து இதை வளர்த்தெடுத்தார்கள்.

இன்னொரு தரப்பு, படிப்பு ஆளை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்கிறது. ஏற்கெனவே திறமை உள்ளவர் யார் என்று முதலாளிக்குக் காட்டினாலே போதும், சம்பளம் கூடிவிடும். இது சமிக்ஞைப் பார்வை. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது இது. அதே ஆண்டு கென்னத் ஆரோவும் உயர்கல்வியை ஒரு வடிகட்டியாகப் பார்த்து எழுதினார். ஸ்பென்ஸுக்கு 2001ல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்தச் சிந்தனை முக்கியக் காரணம்.

சம்பளப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு பார்வையும் ஒரே எண்ணைத்தான் முன்கூட்டிச் சொல்கின்றன. ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்தவர் பத்து சதவீதம் அதிகம் வாங்குகிறார் என்று வந்தால், இரு தரப்பும் "நான் சொன்னதுதானே" என்று சொல்லிக்கொள்ள முடியும். சிக்கலே இங்கேதான்.

எதையுமே கற்றுத்தராத படிப்புக்கு எப்படி மதிப்பு வரும்? முதலாளிகள் என்ன ஏமாளிகளா?

இல்லை. ஸ்பென்ஸின் மாதிரியில் யாருமே ஏமாறுவதில்லை, அதுதான் அதன் அழகு. எண்களை வைத்துப் பார்த்தால் புரிந்துவிடும். கீழே வருபவை நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள்.

இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள், இரு வகையிலும் சம எண்ணிக்கை. முதல் வகையினர் வாழ்நாள் முழுவதும் 100 அலகு உற்பத்தி செய்வார்கள், இரண்டாம் வகையினர் 200 அலகு. யார் எந்த வகை என்பது அவரவருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. படிப்பு யாருடைய உற்பத்தியையும் கூட்டுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் படிப்பதற்கான சுமை இருவருக்கும் ஒன்றல்ல. முதல் வகையினருக்கு ஓர் ஆண்டுப் படிப்பு 30 அலகு சுமை, இரண்டாம் வகையினருக்கு 15. சுமை என்பது கட்டணம் மட்டும் இல்லை. புரியாத பாடத்தோடு போராடும் சிரமம், தோற்றுத் திரும்ப எழுதுவது எல்லாம் அதில் அடங்கும்.

பட்டத்துக்கு நான்கு ஆண்டு. பட்டம் உள்ளவருக்கு 200, இல்லாதவருக்கு 100 என்று முதலாளிகள் சம்பளம் வைக்கிறார்கள். முதல் வகைக்காரர் பட்டம் வாங்கினால் 100 அலகு லாபம், ஆனால் சுமை 120. அவர் படிக்கப் போகமாட்டார். இரண்டாம் வகைக்காரருக்கு லாபம் அதே 100, சுமை 60 மட்டுமே. அவர் போவார். ஆகப் பட்டம் வாங்கியவர் எல்லோரும் 200 உற்பத்தி செய்பவர்களாகவே இருப்பார்கள். முதலாளியின் எதிர்பார்ப்பு ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கும், அதை மாற்றிக்கொள்ள அவருக்கு எந்தக் காரணமும் கிடைக்காது.

இப்போது பட்டத்தை ஆறு ஆண்டாக ஆக்கிப் பாருங்கள். இரண்டாம் வகைக்காரரின் சுமை 90, அப்போதும் படிக்கத்தான் போவார். சம்பளம் அதே 200. கையில் மிஞ்சுவதுதான் 140லிருந்து 110 ஆகக் குறைகிறது. நான்கும் ஐந்தும் ஆறும் வேலை செய்யும், எதில் போய் நிற்கும் என்பது வழக்கத்தைப் பொறுத்தது. மூன்று ஆண்டாகக் குறைத்தால் எல்லாம் உடைந்துவிடும். முதல் வகைக்காரருக்கும் சுமை 90 என்று லாபத்தைவிடக் குறைந்துவிடுவதால் அவரும் படிக்க வந்துவிடுவார், பட்டம் யாரையும் பிரித்துக் காட்டாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டமே இல்லாத உலகத்தில் முதலாளி எல்லோருக்கும் சராசரியாக 150 கொடுத்திருப்பார். நான்கு ஆண்டுப் பட்டத்தோடு திறமைசாலிக்கு மிஞ்சுவது 140 தான். அதாவது இந்தக் கணக்கில் பட்டம் வாங்குபவருக்கே பட்டம் இல்லாத உலகம் மேல். ஆனாலும் ஒருவர் மட்டும் தனியாக விலகி நிற்க முடியாது. விலகினால் 100தான் கிடைக்கும்.

காரணம் எதுவானால் என்ன? எனக்குச் சம்பளம் கூடினால் போதாதா?

தனி ஆளாக உங்களுக்குப் போதும். நாடு பணம் செலவழிக்கும்போதுதான் வித்தியாசம் கடுமையாகத் தெரியும்.

மேலே சொன்ன கணக்கிலேயே இருப்போம். அரசு மானியம் கொடுத்துப் படிப்பின் சுமையை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. முதல் வகைக்கு ஆண்டுக்கு 20, இரண்டாம் வகைக்கு 10. இப்போது நான்கு ஆண்டுப் பட்டம் முதல் வகைக்காரருக்கு 80 சுமைதான், அவரும் வாங்கிவிடுவார். பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் பட்டம் நீள வேண்டும். ஐந்து ஆண்டில் சுமையும் லாபமும் சமமாக நிற்கும், ஆறு ஆண்டில்தான் உறுதியாகப் பிரியும். திறமைசாலியின் சுமை அப்போது 60. மானியத்துக்கு முன்னாலும் அதே 60. யாருக்கும் எதுவும் கூடவில்லை, நாட்டின் மொத்த உற்பத்தியும் கூடவில்லை. பட்டம் வாங்குபவர்கள் இரண்டு ஆண்டு கூடுதலாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், மானியத் தொகை போனது போனதுதான்.

மனித மூலதனப் பார்வை சரியென்றால் கதை தலைகீழ். அந்த இரண்டு ஆண்டும் ஒவ்வொருவரையும் அதிகம் உற்பத்தி செய்ய வைத்திருக்கும், மானியம் பல மடங்காகத் திரும்பி வரும். ஒரே கொள்கை, எந்தப் பார்வை உண்மை என்பதைப் பொறுத்து நல்ல முதலீடாகவும் ஆகலாம், வெறும் வீணாகவும் ஆகலாம். இளைஞர்களின் வாழ்க்கையில் ஆண்டுக்கணக்கைச் செலவழிக்கச் சொல்லும் விஷயம் இது. அதனால் இதைத் தெரிந்துகொள்வது நமக்குக் கடமை என்றே நினைக்கிறேன்.

கெட்டிக்காரர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள், அவர்கள் படிக்காவிட்டாலும் சம்பாதித்திருப்பார்கள். இதைத்தானே சமிக்ஞை என்கிறார்கள்?

இல்லை. பலரும் குழம்பும் இடம் இது. நீங்கள் சொல்வது மூன்றாவது ஒரு சங்கதி, தேர்வுச் சார்பு என்று சொல்லலாம். படிக்காவிட்டாலும் அவர் அதே அளவு சம்பாதித்திருப்பார் என்றால் படிப்புக்குச் சம்பளத்தில் எந்தப் பங்கும் இல்லை. சமிக்ஞைப் பார்வை அப்படிச் சொல்வதில்லை. படிக்காவிட்டால் அவருக்கு நிஜமாகவே குறைவாகத்தான் கிடைத்திருக்கும், ஏனென்றால் அவர் கெட்டிக்காரர் என்பது முதலாளிக்குத் தெரிந்திருக்காது. படிப்பு சம்பளத்துக்குக் காரணம்தான், ஆனால் உற்பத்திக்குக் காரணம் இல்லை.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், புகழ்பெற்ற பல ஆய்வுகள் ஏன் இந்தச் சண்டையைத் தீர்க்கவில்லை என்று புரியும். ஒரே மரபணுவோடு பிறந்த இரட்டையர்களில் ஒருவர் அதிகம் படித்து இன்னொருவர் குறைவாகப் படித்தால் சம்பளம் எப்படி இருக்கிறது என்று ஆஷன்ஃபெல்டரும் க்ரூகரும் 1994ல் ஒப்பிட்டார்கள். அதிகம் படித்தவருக்கு அதிகம் கிடைத்தது. பிறவித் திறமை இருவருக்கும் ஒன்று என்பதால் தேர்வுச் சார்பு பெருமளவு விலகிவிடுகிறது. ஆனால் முதலாளி பார்ப்பது ஒருவரை மட்டும்தான், அவருடைய இரட்டையரை அல்ல. அவர் கையிலுள்ள பட்டத்தை நம்பித்தான் கூடுதலாகக் கொடுத்தாரா, அவர் கற்றுக்கொண்டதற்காகவா என்பதை இந்த ஒப்பீடு சொல்லவே முடியாது.

பட்டம் முடிக்கும் ஆண்டில் மட்டும் சம்பளம் ஒரேயடியாகத் தாவுகிறது. அது சமிக்ஞைக்கு ஆதாரம் ஆகாதா?

அரைகுறை ஆதாரம். கடைசி ஆண்டில் மட்டும் மும்மடங்கு பாடமா நடத்துகிறார்கள், அப்படியிருக்கத் தாவல் சான்றிதழால்தானே என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் மூன்றாம் ஆண்டோடு நின்றவரும் நான்காம் ஆண்டை முடித்தவரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. நின்றவர்களில் பலர் பாடம் ஏறாததாலோ, உடல்நலத்தாலோ, வீட்டு நெருக்கடியாலோ நின்றிருப்பார்கள். அந்தக் காரணங்கள் வேலையிலும் சம்பளத்தைப் பாதிக்கும். தாவலில் எவ்வளவு காகிதத்துக்கு, எவ்வளவு ஆளுக்கு என்பது இதில் பிரியாது.

அப்படியானால் காகிதத்தின் மதிப்பை மட்டும் தனியாக அளக்க வழியே இல்லையா?

இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை மிகத் தெளிவான முயற்சி டேமன் கிளார்க், பாகோ மார்ட்டரெல் இருவரும் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தரவை வைத்துச் செய்து 2014ல் வெளியிட்டது.

ஆய்வு நடந்த காலத்தில் அங்கே பள்ளி இறுதிச் சான்றிதழ் வாங்க, வகுப்புகளை முடித்தால் மட்டும் போதவில்லை. மாநிலம் நடத்திய வெளியேறும் தேர்விலும் தேற வேண்டியிருந்தது. தோற்றால் திரும்பத் திரும்ப எழுத முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில் வந்தது பள்ளிக் காலத்தின் கடைசி வாய்ப்பு. அதில் எல்லைக்கோட்டுக்கு ஒரு மதிப்பெண் மேலே நின்றவரையும் ஒரு மதிப்பெண் கீழே நின்றவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் அதே பன்னிரண்டு ஆண்டு படித்தவர்கள். ஒரு கேள்விக்கான விடை இப்படியோ அப்படியோ ஆனதில் பிரிந்தவர்கள். படிப்பும் திறமையும் சராசரியில் சமம், ஒருவரிடம் சான்றிதழ் இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. பின்னாளில் இவர்கள் சம்பளத்தில் இடைவெளி இருந்தால் அது காகிதத்தின் விலை.

அளக்கும்போது ஒரு திருத்தம் தேவை. கோட்டுக்குக் கீழே நின்றவர்களில் சிலர் பிறகும் எழுதிச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். மேலே நின்றவர்களில் சிலர் வேறு நிபந்தனைகளை முடிக்காமல் வாங்காமல் போவார்கள். உதாரணத்துக்கு, மேலே உள்ளவர்களில் 90 சதவீதத்தினரிடமும் கீழே உள்ளவர்களில் 50 சதவீதத்தினரிடமும் சான்றிதழ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோட்டைத் தாண்டுவதால் சான்றிதழ் பெறும் வாய்ப்பு 40 புள்ளிதான் கூடுகிறது. கோட்டின் இரு பக்கமும் சராசரிச் சம்பளம் 1 சதவீதம் வேறுபட்டால், சான்றிதழின் மதிப்பு 1 சதவீதம் என்று சொல்லக்கூடாது. 1ஐ 0.4ஆல் வகுக்க வேண்டும், 2.5 சதவீதம் வரும்.

இந்த முறை எங்கே கெடலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திருத்துபவர் யாருக்காவது இரக்கப்பட்டு ஒரு மதிப்பெண் கூட்டிப் போட்டிருந்தால் இரு பக்கமும் சமம் என்பது போய்விடும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. கோட்டுக்குச் சற்றுக் கீழே ஆட்கள் குறைந்து, சற்று மேலே திடீரென்று குவிந்திருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தைய வகுப்பு மதிப்பெண்களும் குடும்பப் பின்னணியும் கோட்டில் தாவுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, விடை என்ன? சான்றிதழின் தனி மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். தாவலை நேரடியாகப் பார்த்த பழைய ஆய்வுகள் கணிசமான மதிப்பைக் காட்டிய இடத்தில், கோட்டின் இரு பக்கமும் ஒப்பிட்டபோது அது காணாமல் போய்விட்டது.

அப்போது சமிக்ஞை என்பதே பொய்யா?

அவ்வளவு தூரம் போகக்கூடாது. டெக்சஸ் ஆய்வு சொல்வது ஒரு குறிப்பிட்ட காகிதத்தைப் பற்றி, அதிலும் கடைசி வாய்ப்பு வரை தேறாமல் தடுமாறிய மாணவர்களைப் பற்றி. அவர்கள் போகும் வேலைகளில் முதலாளி சான்றிதழைக் கேட்டுப் பார்க்காமலே இருக்கலாம். கேட்காத காகிதம் எதையும் சொல்லாது. ஒரு பெரிய பல்கலைக்கழகப் பட்டம் அப்படியில்லை.

எதிர்த்திசையில் காட்டும் ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் பள்ளியை நடுவில் விட்டவர்கள் பள்ளிச் சான்றிதழுக்கு ஈடாக எழுதும் சமநிலைத் தேர்வில், 1990 வாக்கில் தேர்ச்சிக் கோடு மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருந்தது. ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் தேர்ச்சி, இன்னோரிடத்தில் தோல்வி. டைலர், மர்னேன், வில்லெட் மூவரும் 2000ல் இதை வைத்து ஒப்பிட்டபோது, விளிம்பில் நின்ற வெள்ளையின இளைஞர்களுக்கு அந்தக் காகிதத்தால் 10 முதல் 19 சதவீதம் வரை சம்பளம் கூடியிருந்தது. மற்ற இனத்தவருக்கு அப்படிப் பலன் தெரியவில்லை.

கெவின் லாங், டேவிட் க்ராப் 1986ல் செய்த சோதனையையும் சொல்ல வேண்டும். கட்டாயக் கல்வி வயதை ஓர் ஆண்டு உயர்த்தினால், மனித மூலதனப் பார்வைப்படி அந்த வயதில் நிற்கவிருந்தவர்கள் மட்டுமே மாற வேண்டும். சமிக்ஞைப் பார்வைப்படி மேலே இருப்பவர்களும் நகர வேண்டும், கீழே இருப்பவர்கள் தங்கள் படிக்கு ஏறிவந்துவிட்டால் அந்தப் படி இனி அவர்களைப் பிரித்துக் காட்டாது அல்லவா? அமெரிக்க மாநிலங்களில் பார்த்தபோது சட்டம் நேரடியாகத் தொடாத வயதினரும் கூடுதலாகப் படித்திருந்தார்கள்.

காகிதத்தை அப்படியே வைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் குறைத்தால் என்ன ஆகும்?

கொலம்பியாவில் அப்படியே நடந்தது. லாஸ் ஆண்டெஸ் பல்கலைக்கழகம் 2006ல் பட்டத்துக்கான பாட அளவைக் குறைத்தது. பொருளாதாரத்தில் 20 சதவீதம், வணிக நிர்வாகத்தில் 14 சதவீதம். பல்கலைக்கழகத்தின் பெயர் அதேதான், பட்டமும் அதேதான், உள்ளே வரும் மாணவர்களின் தரமும் மாறவில்லை. வெறும் சமிக்ஞை என்றால் சம்பளம் அசையக்கூடாது. கரோலினா ஆர்தியாகா 2018ல் வெளியிட்ட ஆய்வில் பொருளாதாரப் பட்டதாரிகளின் சம்பளம் சுமார் 16 சதவீதமும் வணிகப் பட்டதாரிகளின் சம்பளம் சுமார் 13 சதவீதமும் இறங்கியிருந்தன.

எப்படி இறங்கியது என்பது இன்னும் சுவாரசியம். பாடத்திட்டம் குறைந்த செய்தியை மட்டும் வைத்து முதலாளிகள் தண்டித்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆர்தியாகா, கொலம்பிய மத்திய வங்கி பொருளாதார நிபுணர்களைத் தேர்ந்தெடுக்கும் தரவைப் பார்த்தார். லாஸ் ஆண்டெஸ் பட்டதாரிகள் அங்கே தேர்வாகும் வாய்ப்பு 17 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. தேர்வு முறையிலேயே அவர்கள் முன்பைவிடப் பின்தங்கியதாகத்தான் முதலாளிகளின் பதில்களும் காட்டின. விட்டுப்போன பாடங்கள் கேள்வி கேட்கும்போது வெளியே தெரிந்துவிட்டன. வெறும் சமிக்ஞைதான் என்ற கடுமையான வாதத்துக்கு இதைவிடப் பலமான மறுப்பை நான் பார்த்ததில்லை.

ஆறு மாதம் வேலை வாங்கினால் ஆளைத் தெரிந்துவிடும். அப்புறம் பட்டத்துக்கு எதற்குச் சம்பளம்?

இந்தக் கேள்வியையே ஆல்டோஞ்சியும் பியரேயும் 2001ல் அளவுகோலாக மாற்றினார்கள். அமெரிக்காவில் நீண்டகாலம் பின்தொடரப்பட்ட இளைஞர்களுக்கு ஒரு திறன் தேர்வு மதிப்பெண் இருந்தது. ஆய்வாளருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. வேலையில் சேர்ந்த புதிதில் சம்பளம் படிப்பை ஒட்டி நிற்கிறது, அந்த மதிப்பெண்ணோடு தொடர்பு மிகக் குறைவு. அனுபவம் ஏற ஏற மதிப்பெண்ணின் பிடி கூடி, படிப்பின் பிடி தளர்கிறது. முதலாளி மெல்ல மெல்ல ஆளைக் கண்டுகொள்கிறார் என்பதற்கு இதுவே அடையாளம்.

ஃபேபியன் லாங்கே 2007ல் வேகத்தை அளந்தார். முதலாளியின் தொடக்கக் கணிப்புப் பிழை சுமார் மூன்று ஆண்டுகளில் பாதியாகிவிடுகிறது. ஆறு மாதம் என்று நீங்கள் சொல்வதைவிட மெதுவாக, ஆனால் நாற்பது ஆண்டு வேலைவாழ்வோடு வைத்துப் பார்த்தால் வேகமாக. இவ்வளவு சீக்கிரம் உண்மை தெரிந்துவிடும் என்றால், பொய்த் தோற்றத்துக்காக நான்கு ஆண்டைச் செலவழிப்பதில் லாபம் குறைவு. அதனால்தான் படிப்பின் பலனில் சமிக்ஞையின் பங்கு கால் பங்குக்குள்தான் இருக்க முடியும் என்று அவர் கணக்கிட்டார். முதல் வேலையே அடுத்த வேலைகளைத் தீர்மானிக்கும் துறைகளில் மட்டும் இந்தச் சமாதானம் அவ்வளவாகச் செல்லாது. அங்கே முதலாளிக்கு ஆளைத் தெரிவதற்கு, ஆள் முதலில் உள்ளே நுழைய வேண்டும்.

கல்லூரியில் படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. அதில் எங்கே மூலதனம்?

மறந்தது தகவல். ஒரு நீண்ட கணக்கை நடுவில் விடாமல் முடிப்பது, குறித்த நாளில் எழுதிக்கொடுப்பது, தெரியாததைத் தேடிப் படிப்பது இவை தங்கியிருக்கலாம். ஆனால் இந்தப் பதிலை நான் அளவோடுதான் சொல்வேன். அந்தப் பழக்கங்கள் உங்களிடம் முன்பே இருந்ததால்தான் கல்லூரியை முடித்தீர்கள் என்றும் சொல்லலாம், உங்கள் நினைவை மட்டும் வைத்து அதைப் பிரிக்க முடியாது.

கடைசியில் எவ்வளவு திறமை, எவ்வளவு சமிக்ஞை? ஒரு எண் சொல்லுங்கள்.

பிரையன் கேப்லன் 2018ல் சமிக்ஞைக்கு 80 சதவீதம் என்றார். அது பல சான்றுகளைத் தொகுத்து அவர் எடுத்த தீர்ப்பு. நேரடியாக அளந்தவற்றில் நான் அதிகம் நம்புவது ஆர்யல், புல்லர், லாங்கே மூவரும் 2022ல் வெளியிட்ட நார்வே ஆய்வை.

நார்வேயில் கட்டாயக் கல்வி ஏழு ஆண்டிலிருந்து ஒன்பதாக உயர்ந்தபோது ஊராட்சிகள் ஒரே நாளில் மாறவில்லை, ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில் மாறின. சட்டத்தால் மட்டுமே கூடுதலாகப் படித்தவர் வேலைக்கு வரும்போது, சட்டம் மாறியது முதலாளிக்குத் தெரியாவிட்டால் அவரைத் தானாக விரும்பிப் படித்தவராக நினைத்துக் கொடுப்பார். தெரிந்திருந்தால் அந்த நினைப்புக்கு இடமில்லை, படிப்பு உண்மையில் தந்த திறமைக்கான பங்கு மட்டும் மிஞ்சும். இந்த இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பயன்படுத்தி அவர்கள் பிரித்தார்கள். ஓர் ஆண்டுப் படிப்பால் தனி ஆளுக்குக் கிடைக்கும் பலன் 7.9 சதவீதம். அதில் சுமார் 70 சதவீதம் உற்பத்தித்திறன், 30 சதவீதம் சமிக்ஞை.

இந்த 70ஐ எடுத்துக்கொண்டுபோய் முதுகலைப் பட்டத்தின் மேல் வைக்க வேண்டாம். இது பள்ளிப் பருவத்தில் சட்டம் சேர்த்த ஆண்டுகளை வைத்து அளந்தது. எழுத்தும் கணக்கும் இறுகும் அந்த வயதில் கற்பதன் பங்கு கூடுதலாக இருப்பது இயல்பு. மேலே போகப் போக விகிதம் எப்படி மாறுகிறது என்பதைச் சொல்ல, கொலம்பியாவில் நடந்ததுபோல் பட்டம் மாறாமல் பாடம் மட்டும் மாறிய இடங்களை இன்னும் பல துறைகளில் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது.